எல் வடிவத் தகட்டின் நிறை மையம்: விடை எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

எல் வடிவத் தகட்டை இரண்டு செவ்வகமாகப் பிரித்து நிறை மையம் காணும் கணக்கில் வாய்பாட்டை மறந்து தவறு செய்பவர்கள் குறைவு. வாய்பாடு சரியாக இருந்தும் அதற்குள் தவறான எண்ணைப் போடுபவர்கள்தான் அதிகம். ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு தவறும் விடையில் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. உங்களுக்கு வந்த விடையைப் பார்த்தே எந்த வரியில் பிசகியது என்று சொல்லிவிடலாம்.

ஒரே தகட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்போம். சீரான தடிமன், ஒரே பொருள். வெளி உயரம் 12 செ.மீ., வெளி அகலம் 10 செ.மீ., இரண்டு பட்டைகளின் அகலமும் 2 செ.மீ. வெளிப்பக்க மூலைதான் ஆதிப்புள்ளி. நிற்கும் பட்டை y அச்சை ஒட்டி மேலே போகிறது, படுத்த பட்டை x அச்சை ஒட்டி வலப்பக்கம் போகிறது. இதைக் கட்டம் போட்ட தாளில் ஒருமுறை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

முதலில் சரியான வழி. நிற்கும் பட்டையை முழு உயரத்துக்கும் எடுத்துக்கொண்டால் அது 2 × 12 செவ்வகம். பரப்பு 24, மையம் (1, 6). மூலைச் சதுரம் இதில் சேர்ந்துவிட்டதால் படுத்த பட்டையில் மிச்சம் இருப்பது 8 × 2 செவ்வகம்தான். பரப்பு 16. அது x = 2 இல் தொடங்கி x = 10 இல் முடிகிறது, ஆகவே மையம் (6, 1). தகடு சீரானது என்பதால் நிறைக்குப் பதிலாகப் பரப்பையே போடலாம்.

```
x = (24×1 + 16×6) / 40 = 120/40 = 3
y = (24×6 + 16×1) / 40 = 160/40 = 4
```

நிறை மையம் (3, 4). இனி தவறான விடைகளுக்கு வருவோம்.

அறிகுறி: விடை கிட்டத்தட்ட சரி, ஆனால் (2.82, 3.73) என்று வருகிறது

இரண்டு எண்ணும் கொஞ்சம் கொஞ்சம் குறைவு. மையம் மூலைப்பக்கமாக இழுபட்டிருக்கிறது. இப்படி வந்தால் மேலே போய் மொத்தப் பரப்பைப் பாருங்கள். 44 என்று இருக்கும்.

நிற்கும் பட்டையை 2 × 12 என்றும் படுத்த பட்டையை 10 × 2 என்றும் எழுதியிருப்பீர்கள். இரண்டும் படத்தில் குறித்த அளவுகள்தான், தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. ஆனால் மூலையில் இருக்கும் 2 × 2 சதுரம் இரண்டிலும் வந்துவிட்டது. 24 + 20 = 44, இருக்க வேண்டியது 40. அதிகமான அந்த 4 சதுர செ.மீ. மூலையில் இருப்பதால்தான் விடையும் மூலையை நோக்கி நகர்கிறது.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி, மொத்தப் பரப்பை வேறு வழியில் ஒருமுறை கணக்கிடுவது. தகட்டைச் சுற்றி வரையும் முழுச் செவ்வகம் 12 × 10 = 120. அதில் வெட்டிய வெற்றிடம் 10 × 8 = 80. மிச்சம் 40. இந்த எண்ணும் நீங்கள் பிரித்த துண்டுகளின் கூடுதலும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு ஒரு வரிகூடப் போக வேண்டாம். என்னிடம் கணக்கைக் காட்டி "விடை வரவில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மையத்தை அல்ல, பரப்பைத்தான். பாதிப் பேருக்கு அங்கேயே காரணம் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஓர் எண் சரி, மற்றது தவறு. (2.2, 4) மாதிரி

y சரியாக வந்துவிட்டது என்றால் பரப்புகளில் தவறில்லை, பகுதியில் இருக்கும் 40 உம் சரி. தவறு x இல் போட்ட ஒரே ஒரு மையத்தில்தான் இருக்க முடியும்.

படுத்த பட்டையில் மிச்சம் இருப்பது 8 செ.மீ. நீளம், அதில் பாதி 4, ஆகவே மையம் (4, 1) என்று எழுதியிருப்பீர்கள். அந்த 4 என்பது துண்டின் சொந்த இடது ஓரத்திலிருந்து அளந்தது. அந்த ஓரமோ ஆதிப்புள்ளியிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கிறது. 2 + 4 = 6 தான் வேண்டியது. 4 ஐப் போட்டால்:

```
x = (24×1 + 16×4) / 40 = 88/40 = 2.2
```

நீளத்தில் பாதி என்று யோசிக்கும் பழக்கமே இதற்குக் காரணம். அதற்குப் பதிலாக இரண்டு ஓரங்களின் x மதிப்பைக் கூட்டி இரண்டால் வகுத்தால் இந்தத் தவறு வராது. (2 + 10) / 2 = 6. நிற்கும் பட்டைக்கு (0 + 2) / 2 = 1. துண்டு எங்கே தொடங்குகிறது என்பது தானாகவே உள்ளே வந்துவிடுகிறது.

கணக்கை வேறு மாதிரி பிரித்திருந்தால், அதாவது படுத்த பட்டையை முழுதாக எடுத்து நிற்கும் பட்டையில் மேல் 10 செ.மீ. மட்டும் எடுத்திருந்தால், இதே தவறு x ஐ விட்டுவிட்டு y இல் வரும். நிற்கும் துண்டின் மையம் (1, 7) என்பதற்குப் பதில் (1, 5) என்று எழுதியிருப்பார்கள்.

அறிகுறி: ஒரு மாதிரி பிரித்தால் ஒரு விடை, வேறு மாதிரி பிரித்தால் வேறு விடை

எப்படிப் பிரித்தாலும் தகடு ஒன்றுதான், மையமும் ஒன்றுதான். விடை மாறுகிறது என்றால் இரண்டில் ஒன்றாவது தவறு.

இதில் அதிகம் குழப்புவது (3.5, 3.5) என்ற விடை. இரண்டு துண்டுகளின் மையங்களையும் கூட்டி இரண்டால் வகுத்திருப்பீர்கள். (1 + 6) / 2 = 3.5, (6 + 1) / 2 = 3.5. பரப்பை எடையாகப் போட மறந்ததன் விளைவு. நிற்கும் பட்டை 24, படுத்த துண்டு 16. கனமான பக்கத்துக்குத்தான் மையம் சாய வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது.

இதை நம்பாமல் வேறு மாதிரி பிரித்துச் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தகடு ஒரு வேடிக்கை காட்டும். படுத்த பட்டை முழுதாக 10 × 2, பரப்பு 20, மையம் (5, 1). நிற்கும் பட்டையின் மேல் பகுதி 2 × 10, பரப்பு 20, மையம் (1, 7). இப்போது சாதாரண சராசரி எடுத்தால் (3, 4) வந்துவிடும்! தவறான முறையில் சரியான விடை. இரண்டு பரப்பும் சமம் என்பதால்தான் இது நடந்தது, அளவை 12 க்குப் பதில் 14 என்று மாற்றினால் நடக்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது என்பதும் ஊகிக்கக்கூடியதுதான். 1 மீ. பக்கமுள்ள மூன்று சமச் சதுரங்களால் ஆன எல் வடிவத் தகடுதான் பதினொன்றாம் வகுப்பில் பலரும் முதலில் போடும் கணக்கு. மூன்று சதுரங்களின் மையங்களும் (0.5, 0.5), (1.5, 0.5), (0.5, 1.5). மூன்றும் ஒரே நிறை என்பதால் நேரே சராசரி எடுத்தாலே போதும், (5/6, 5/6) கிடைத்துவிடும். அந்தக் கணக்கில் நிறையைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லாமல் போனதால் அடுத்த கணக்கிலும் கவலைப்படாமல் போகிறோம்.

இதைச் சரிபார்க்க வாய்பாடே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு துண்டுகளின் கூட்டு மையம் எப்போதும் அவற்றின் மையங்களை இணைக்கும் கோட்டின் மேல்தான் இருக்கும். ஆகவே கட்டத்தாளில் (1, 6), (6, 1) இரண்டையும் ஓர் அளவுகோலால் இணையுங்கள். பிறகு இரண்டாவது பிரிப்பின் (5, 1), (1, 7) இரண்டையும் இணையுங்கள். மையம் இரண்டு கோட்டிலும் இருந்தாக வேண்டும், ஆகவே அவை வெட்டும் இடம்தான் மையம். (3, 4) இல் வெட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். பரப்பைப் பெருக்கவில்லை, வகுக்கவில்லை.

முதல் கோட்டில் x + y எப்போதும் 7. உங்கள் விடையின் இரண்டு எண்ணையும் கூட்டினால் 7 வருகிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை. ஆனால் இது (3.5, 3.5) ஐப் பிடிக்காது, அதுவும் 7 தான். அதைப் பிடிக்க, மையம் கோட்டில் எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். (1, 6) இலிருந்து (6, 1) வரை ஐந்து கட்டம் என்றால், கனமான பட்டையின் மையத்திலிருந்து இரண்டு கட்டம், இலேசான துண்டின் மையத்திலிருந்து மூன்று கட்டம். 24 க்கு 16 என்பது 3 க்கு 2, தூரம் தலைகீழாக 2 க்கு 3. எடைக்கல்லைத் தராசின் நடுவுக்கு நகர்த்தினால் தூரம் குறைகிற அளவுக்கு எடை கூட வேண்டும் அல்லவா, அதே கணக்கு.

அறிகுறி: புள்ளியைக் குறித்தால் அங்கே தகடே இல்லை

(3, 4) ஐப் படத்தில் வையுங்கள். நிற்கும் பட்டை x = 2 இல் முடிந்துவிட்டது. படுத்த பட்டை y = 2 இல் முடிந்துவிட்டது. புள்ளி இரண்டுக்கும் இடையே வெட்டவெளியில் நிற்கிறது. இதைப் பார்த்ததும் கணக்கை அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறவர்கள் உண்டு.

அடிக்க வேண்டாம், இது தவறே இல்லை. வளையத்தின் மையத்தில் வளையம் இல்லாததுபோல எல் வடிவத்துக்கும் நிறை மையம் வெளியே விழலாம். மூன்று சதுரத் தகட்டில் (5/6, 5/6) மூலைச் சதுரத்துக்குள்ளேயே விழுந்துவிடுவதால், எல்லாத் தகட்டுக்கும் அப்படித்தான் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

எப்போது வெளியே போகும்? இரண்டு கையும் சம நீளமான தகட்டில் வெளி நீளம் a, பட்டை அகலம் t என்று வைத்துப் பிரித்துப் போட்டால் இப்படி வரும்:

```
x = y = (a² + a·t − t²) / (2(2a − t))
```

இது t ஐ விடப் பெரிதாக இருந்தால் மையம் வெளியே. அதைச் சுருக்கினால், கை நீளம் பட்டை அகலத்தைப் போல ஏறத்தாழ 2.62 மடங்கைத் தாண்டும்போது மையம் உள்மூலையைக் கடந்து வெளியேறுகிறது. மூன்று சதுரத் தகட்டில் அந்த மடங்கு 2 தான், அதனால் உள்ளேயே இருந்தது.

உண்மையிலேயே தவறு என்று சொல்ல வேண்டிய எல்லை வேறு. தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினால் அது எந்தப் பரப்பை வளைக்குமோ, அதற்குள் மையம் இருந்தாக வேண்டும். நம் தகட்டில் ரப்பர் பேண்ட் (2, 12) இலிருந்து (10, 2) க்குச் சாய்வாகப் போகும். அந்தச் சாய்கோட்டுக்கு அப்பால் விடை வந்தால் தயங்காமல் அடிக்கலாம்.

அறிகுறி: வெட்டிக் கழிக்கும் முறையில் 27 என்றோ 1 என்றோ வருகிறது

முழுச் செவ்வகத்திலிருந்து வெற்றிடத்தைக் கழிக்கும் முறையில் முழுச் செவ்வகம் 120, மையம் (5, 6). வெற்றிடம் 80, அது x = 2 முதல் 10 வரை, y = 2 முதல் 12 வரை, ஆகவே மையம் (6, 7).

```
x = (120×5 − 80×6) / (120 − 80) = 120/40 = 3
y = (120×6 − 80×7) / (120 − 80) = 160/40 = 4
```

கழித்தல் குறி மேலும் கீழும் இரண்டு இடத்திலும் வர வேண்டும். மேலே மட்டும் மறந்து கூட்டிவிட்டால் x = 1080/40 = 27, தகட்டின் அகலமே 10 தான் என்பதால் உடனே தெரிந்துவிடும். கீழே மட்டும் 80 ஐக் கழிக்காமல் விட்டால் x = 120/120 = 1, y = 1.33. இது கொஞ்சம் ஆபத்து, ஏனென்றால் புள்ளி மூலைச் சதுரத்துக்குள் விழுந்து பார்க்க நியாயமாகத் தெரியும். இரண்டிலும் மறந்து கூட்டிவிட்டால் (5.4, 6.4), அது முழுச் செவ்வகத்தின் மையத்தையும் தாண்டி வெற்றிடத்தை நோக்கிப் போகும். பொருளை வெட்டி எடுத்த பக்கம் நோக்கி மையம் நகர்ந்தால் குறி தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கணக்கு சரி, அட்டையைத் தொங்கவிட்டால் பொருந்தவில்லை

காலண்டர் அட்டையில் இதே அளவுக்கு வெட்டி, ஊசியில் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு கட்டிய நூல் போகும் கோட்டைக் குறிப்பது வழக்கமான செய்முறை. இரண்டு துளைகளிலிருந்து வரும் கோடுகள் வெட்டும் இடம் மையம்.

முதல் சிக்கல், கோடுகள் அட்டையின் மேல் வெட்டவே வெட்டாது. மையம்தான் வெளியே இருக்கிறதே. அட்டையை வெள்ளைத்தாளின் மேல் படுக்க வைத்து, சுற்று ஓரத்தை வரைந்துகொண்டு, கோடுகளைத் தாளில் நீட்டுங்கள். அட்டையிலேயே குறுக்காகத் தாள் ஒட்டினால் அந்தத் தாளின் நிறையும் கணக்கில் வந்துவிடும்.

துளை எங்கே போடுகிறோம் என்பதில்தான் துல்லியமே இருக்கிறது. பலரும் மூலைக்கு அருகில், (1, 1) இல் ஒன்று போடுவார்கள். அங்கிருந்து (3, 4) ஐ நோக்கிப் போகும் நூல் (2, 2.5) இல் அட்டையை விட்டு வெளியேறிவிடும், அதன் பிறகு அட்டையைத் தொடாது. 2 செ.மீ.க்கும் குறைவான கோட்டைக் குறித்து, அதை அதே அளவு இன்னும் நீட்ட வேண்டும். பென்சில் அரை மில்லிமீட்டர் பிசகினால் வெட்டுப்புள்ளி அதைப் போல இரண்டு மடங்கு விலகும். பட்டைகளின் நுனியில் துளை போடுங்கள். (1, 11) இல் தொங்கவிட்டால் நூல் வெட்டவெளியைக் கடந்து படுத்த பட்டையின் மேல் மறுபடி வரும். (9, 1) இல் தொங்கவிட்டால் நிற்கும் பட்டையின் மேல் வரும். இரண்டிலும் மையத்துக்கு இருபக்கமும் புள்ளி குறிக்க முடிவதால் கோடு நிலையாக இருக்கும்.

துளை ஊசிக்குத் தளர்வாக இருக்க வேண்டும். அட்டையை லேசாக ஆட்டிவிட்டு, தானாக நிற்கும் வரை விடுங்கள். இரண்டு மூன்று முறை ஆட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது என்றால் ஊசி பிடிக்கிறது, துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

இவ்வளவு செய்தும் வெட்டுப்புள்ளி மூலைப்பக்கமாக 3 மி.மீ. தள்ளி, ஏறத்தாழ (2.8, 3.7) இல் வருகிறதா? அப்படியானால் அட்டையை எப்படிச் செய்தீர்கள் என்று பாருங்கள். முழு அட்டையில் எல் வெட்டாமல், 12 செ.மீ. பட்டையையும் 10 செ.மீ. பட்டையையும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பீர்கள். மூலையில் இப்போது உண்மையிலேயே இரண்டு அடுக்கு இருக்கிறது. மேலே தவறு என்று சொன்ன 44 தான் இந்த அட்டைக்குச் சரியான கணக்கு, (2.82, 3.73) தான் அதன் சரியான மையம்.

தொங்கவிடுவதோடு சேர்ந்து வரும் கேள்வி ஒன்று: வெளிமூலையில் தொங்கவிட்டால் நீளமான ஓரம் செங்குத்துக் கோட்டோடு எந்தக் கோணத்தில் நிற்கும்? மையம் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும். நீளமான ஓரம் y அச்சு, அதிலிருந்து மையம் 3 தள்ளி, அதன் நெடுக 4. ஆகவே tan θ = 3/4, கோணம் 36.9°. 53.1° வந்தால் குட்டையான ஓரத்தின் கோணத்தைக் கண்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: எஃகு அட்டவணையில் வேறு எண் இருக்கிறது

பொறியியல் படிப்பவர்களுக்கு மட்டும். 100 × 100 × 10 மி.மீ. எஃகு ஆங்கிளுக்கு மேலே கொடுத்த சம கை வாய்பாட்டைப் போட்டால் 28.7 மி.மீ. வரும். அட்டவணையில் 28.4 என்று இருக்கும். கணக்கில் தவறில்லை. உருட்டித் தயாரிக்கும் ஆங்கிளில் உள்மூலை வளைவாக நிரப்பப்பட்டிருக்கும், கைகளின் நுனிகள் உருண்டிருக்கும். நுனியில் குறைந்து மூலையில் கூடியதால் மையம் சற்று மூலைப்பக்கம் வருகிறது. இரண்டு செவ்வகத்தால் அதைக் காட்ட முடியாது.

அறிகுறி: இரண்டு பட்டையும் வேறு வேறு உலோகம், விடை பொருந்தவில்லை

இங்கே பரப்பைப் போட்டிருந்தால் அதுதான் காரணம். பரப்பு நிறைக்குப் பதிலாக நிற்பது ஒரே பொருள், ஒரே தடிமன் என்ற நிபந்தனையில் மட்டும். நம் தகட்டில் முழு உயர நிற்கும் பட்டை எஃகு, மிச்சமுள்ள 8 செ.மீ. துண்டு அலுமினியம், தடிமன் இரண்டுக்கும் ஒன்றே என்று கொள்வோம். எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7. பரப்பை அடர்த்தியால் பெருக்கினால் 188.4, 43.2.

```
x = (188.4×1 + 43.2×6) / 231.6 = 1.93
y = (188.4×6 + 43.2×1) / 231.6 = 5.07
```

கூட்டினால் மறுபடி 7. அதே இணைப்புக் கோட்டின் மேல்தான் மையம் இருக்கிறது, எஃகை நோக்கி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். x இப்போது 2 க்கும் குறைவு என்பதால் வெட்டவெளியில் இருந்த மையம் எஃகுப் பட்டைக்குள் வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் பிரிக்கும் கோடு உங்கள் விருப்பம் இல்லை. உலோகங்கள் சேரும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். படுத்த பட்டையை முழுதாக 10 × 2 என்று எடுத்தால் அதில் இடது 2 செ.மீ. எஃகு, மிச்சம் அலுமினியம், அந்தத் துண்டின் மையம் நடுவில் இருக்காது. அப்படியும் அதே மாதிரிதான் பிரிக்க வேண்டும் என்றால் மூலைச் சதுரத்தைத் தனித் துண்டாக எடுத்து மூன்றாகப் போடுங்கள், விடை மாறாது.